சாயப்பட்டறையில இருக்குற துணி யாரோடது?

எங்க ஆடிட் லைன்ல ஒரு வசனம் ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. ஜாப் ஒர்க்கர்னா கிளையண்ட் சரக்க வாங்கி கூலிக்கு வேலை செஞ்சு கொடுக்குற வெளியாள். ஆடிட் கத்துக்க வந்திருக்குற ஆர்ட்டிகிள் பசங்ககிட்ட "ஜாப் ஒர்க்கர்கிட்ட இருக்குற ஸ்டாக் என்னாச்சு"ன்னு கேட்டா "கன்ஃபர்மேஷன் வாங்கியாச்சு சார், ஃபைல்ல இருக்கு"ம்பாங்க, அதோட அந்த விஷயம் முடிஞ்சிடும். பசங்கள மட்டும் சொல்லி என்ன, சீனியர்களும் அதே கதைதான். கிளையண்டோட சொந்த கோடவுன்னா மார்ச் 31 அன்னைக்கு பேடும் பேனாவுமா ஏறி இறங்கி எண்ணுவோம், அதே சரக்கு வேற ஒருத்தர் ஷெட்டுல இருந்தா லெட்டர்ஹெட்ல ஒரு பேப்பர், கீழ ஒரு சீல், போதும். பார்க்கவே முடியாத இடத்துல இருக்குற சரக்குக்குத்தான் ஜாஸ்தி ஆதாரம் வேணும்னு தோணணும், ஆனா நடக்குறது தலைகீழ்.

இத்தனைக்கும் ஆடிட் ஸ்டாண்டர்டு எஸ்ஏ 501-ல தெளிவா எழுதியிருக்கு. மூணாவது ஆள் கையில இருக்குற ஸ்டாக்கோட மதிப்பு பெருசா இருந்தா, அளவையும் நிலைமையையும் அவர்கிட்ட இருந்தே உறுதிப்படுத்திக்கணும், இல்ல நேர்ல போய் பார்க்கணும், இல்ல சூழ்நிலைக்கு ஏத்த வேற சோதனை செய்யணும், தேவைப்பட்டா ரெண்டையும் சேர்த்துச் செய்யணும். நாம அதுல முதல் வரிய மட்டும் படிச்சிட்டு புத்தகத்த மூடிடறோம். அதுலயும் அளவை மட்டும் கேட்போம், நிலைமைய கேட்கிறதே இல்ல.

போன வருஷம் திருப்பூர் கம்பெனி ஒன்னுல இது வெளிச்சத்துக்கு வந்துச்சு. பனியன் துணி எக்ஸ்போர்ட், கூடவே உள்நாட்டுக்கு ஒரு சின்ன இன்னர்வேர் பிராண்டு. திருப்பூர் ஆளுங்களுக்கு இத விளக்கத் தேவையில்ல, அங்க பாதி சரக்கு எப்பவும் அடுத்தவன் ஷெட்டுலதான் கிடக்கும். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பணும், சாயம் ஏறாத கிரே துணியா டையிங்குக்குப் போகும், அப்புறம் காம்பாக்டிங், பிரிண்டிங்ன்னு சுத்திட்டுதான் கட்டிங் டேபிளுக்கே வரும். அதனால பேலன்ஸ் ஷீட்டுல இருக்குற துணியில பெரும்பகுதிய கிளையண்டே கண்ணால பார்த்திருக்க மாட்டார்.

மூணு டெசிமல்

டையிங் யூனிட்டுல இருந்து வந்த லெட்டர்ல 12,480.000 கிலோன்னு இருந்துச்சு. கிளையண்ட் புக்கும் அதே 12,480.000. ஒரு கிராம் கூட வித்தியாசம் இல்ல. மத்தவங்களுக்கு இது நிம்மதியா இருக்கும், எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஏன்னா துணி எடை அப்படி ஒத்துப்போகவே போகாது. கிளையண்ட் எடை மெஷின் வேற, டையிங்காரர் எடை மெஷின் வேற. பருத்தி காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், ஸ்டாண்டர்டு கணக்குலயே நூறு கிலோ காஞ்ச பருத்திக்கு எட்டரை கிலோ ஈரம்னு வெச்சிருக்காங்க, மழை நாள்ல ஒரு எடை, வெயில்ல ஒரு எடை. ரெண்டு தனித்தனி ஆளுங்க தனித்தனியா எழுதின கணக்கு சில கிலோவாவது மாறித்தான் தீரணும். கொஞ்சம் கூட மாறலேன்னா அது ரெண்டு கணக்கா இருக்க வாய்ப்பு கம்மி.

சரி நேர்லயே போயிடலாம்னு கிளம்பினோம். போன நாள் ஏப்ரல் 9. டையிங் மேனேஜர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்துட்டு உட்கார வெச்சார். நான் லெட்டர எடுத்து நீட்டி, இந்த நம்பர எந்த ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்தீங்கன்னு கேட்டேன். அவர் கண்ணாடிய போட்டு பார்த்துட்டு சாதாரணமா சொன்னார்: "இது நாங்க எடுத்ததுங்களா சார்? அவங்க ஆபீஸ்ல இருந்து டைப் பண்ணி அனுப்பிச்சாங்க, நாங்க சீல் போட்டுக் குடுத்தோமுங்க. வருஷா வருஷம் அப்படித்தானுங்களே."

அவர்கிட்ட எந்தக் கள்ளத்தனமும் இல்ல, அதுதான் இங்க விஷயமே. மாசம் முழுக்க வேலை கொடுக்குற பார்ட்டி, ஆடிட்டுக்காக ஒரு பேப்பர்ல சீல் கேட்கிறார், போட்டுக் கொடுத்தார். அவர் பார்வையில அது ஒரு மரியாதை. எங்க ஃபைல்லயோ அது வெளியாள் கொடுத்த ஆதாரம். உண்மையில அது கிளையண்ட் தன் புக்க தானே ஒருமுறை படிச்சுக் காட்டினது, நடுவுல ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான். எஸ்ஏ 505 ஏன் கன்ஃபர்மேஷன ஆடிட்டர் தன் கட்டுப்பாட்டுல வெச்சுக்கணும்னு சொல்லுது, யாருக்கு அனுப்புறதுன்னு நாம முடிவு பண்ணணும், நாமளே அனுப்பணும், பதில் நேரா நமக்கே வரணும்னு ஏன் சொல்லுதுன்னா இதுக்காகத்தான். இன்னொரு வழியும் அதுல இருக்கு, நம்பரே போடாம வெறும் லெட்டர அனுப்பி "உங்க ரிஜிஸ்டர்படி எங்க சரக்கு எவ்வளவு இருக்கு, நீங்களே எழுதுங்க"ன்னு கேட்கிறது. பதில் கம்மியாத்தான் வரும், சோம்பேறித்தனத்துல பலபேர் எழுத மாட்டாங்க. ஆனா எழுதி வர்றது ஒவ்வொன்னும் நிஜமாவே அவங்க புக்குல இருந்து வந்ததா இருக்கும்.

பேப்பர மட்டும் நம்புறது எங்க கொண்டுபோய் விடும்னு அமெரிக்காவுல 1938-லயே பார்த்துட்டாங்க. மெக்கெசன் அண்ட் ராபின்ஸ்னு மருந்து கம்பெனி, கனடா கோடவுன்கள்ல சரக்கு இருக்குன்னு பேப்பர் காட்டிச்சு, ஆடிட்டர் யாரும் போய்ப் பார்க்கல, அந்தக் காலத்துல பார்க்கணும்ங்கிற கட்டாயமும் இல்ல. மொத்தம் 8.7 கோடி டாலர் சொத்துல கிட்டத்தட்ட 1.9 கோடி டாலர் சும்மா கற்பனை, அதுல பாதிக்கு மேல இல்லாத சரக்கு. அதுக்கப்புறம்தான் ஸ்டாக் எண்ணுறப்ப ஆடிட்டர் கூட இருக்கணும்ங்கிறது அங்க விதியாச்சு. அதாவது நம்ம தொழில்ல ஸ்டாக் எண்ணப் போற பழக்கமே மூணாவது ஆள் கோடவுன்ல இல்லாத சரக்கால வந்தது.

எண்ணி, பின்னாடி போறது

ஏப்ரல் 9-ல எண்ணினா அது ஏப்ரல் 9 ஸ்டாக். நமக்கு வேணும்கிறது மார்ச் 31. அதனால இன்னைக்கு எண்ணினதோட, நடுவுல வெளிய போனதைக் கூட்டி, உள்ள வந்ததைக் கழிக்கணும். டையிங்குல கூடுதலா ஒரு சிக்கல், கிரேயா உள்ள போற துணி சாயம் ஏறி வெளிய வரும்போது எடை குறையும். பருத்தியில இருக்குற மெழுகு, தூசி, பஞ்சு எல்லாம் ஸ்கௌரிங் பிளீச்சிங்ல போயிடும். இந்தத் துணிக்கு ஒர்க் ஆர்டர்ல ஒத்துக்கிட்ட ப்ராசஸ் லாஸ் 6 சதம். ஒத்துக்கிட்டது வேற, நிஜத்துல நடக்குறது வேறன்னு முடிஞ்ச சில லாட்டுகளோட இன்வர்ட், அவுட்வர்ட் டெலிவரி சலான்கள, அதாவது டிசிகள எடுத்துப் போட்டுப் பார்த்தோம், ஏறக்குறைய 6-தான் வந்துச்சு. இதனால எல்லாத்தையும் கிரே எடைக்கு மாத்திதான் கணக்குப் போடணும், இல்லேன்னா கிரே கிலோவும் சாயத்துணி கிலோவும் ஒரே கிலோன்னு நினைச்சுக் கூட்டிடுவோம்.

எண்ணுறதுலயும் கவனம் வேணும். ரோலெல்லாம் ஒன்னுவிடாம எண்ணி, நாலுல ஒன்னை எடை மெஷின்ல ஏத்தி ஸ்டிக்கர் எடையோட ஒப்பிட்டோம். தண்ணி பிழியிற ஹைட்ரோ மெஷின்ல இருந்து எடுத்து டிராலியில குவிச்சிருந்த ஈரத்துணிய எடையே போடல, போட்டா தண்ணியையும் சேர்த்து ஸ்டாக்னு எழுதிடுவோம். மெஷினுக்குள்ள ஓடிட்டிருந்ததுக்கும் ஈரத்துக்கும் பேட்ச் கார்டுல இருக்குற கிரே எடையத்தான் எடுத்தோம். தண்ணின்னதும் ஞாபகம் வருது, 1963-ல நியூஜெர்சி பேயோன்ல சமையல் எண்ணெய் டேங்குகளைத் திறந்து பார்த்து, மேல எண்ணெய் மிதக்குதுன்னு கோடவுன் ரசீது கொடுத்துட்டாங்க. அடியில இருந்தது தண்ணி. அந்த ரசீதை நம்பிக் கடன் கொடுத்தவங்க பெரிய பெரிய பேங்குகள். ஆக, போய்ப் பார்த்தேன்னு சொல்றது மட்டும் போதாது, எதைப் பார்த்தோம்னும் தெரிஞ்சிருக்கணும்.

கணக்கு இப்படி வந்துச்சு. கிரே 5,470 கிலோ. சாயம் போட்டது 1,692 கிலோ, அதை கிரேக்கு மாத்தினா 1,800. ஏப்ரல் 1-ல இருந்து வெளிய போன சாயத்துணி 3,948 கிலோ, கிரேக்கு 4,200. அதே நாட்கள்ல உள்ள வந்த கிரே 2,200. ஆக 5,470, 1,800, 4,200 மூணையும் கூட்டி 2,200-ஐ கழிச்சா மார்ச் 31-க்கு 9,270 கிலோ. புக்குல 12,480. குறையுது 3,210 கிலோ.

கிளையண்ட் ஸ்டோர்ஸ் தம்பிக்கு முகமே செத்துப்போச்சு, யாரோ துணிய திருடிட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டார். திருட்டெல்லாம் இல்ல. மார்ச் 28-ல 2,100 கிலோ கிரேக்கு உண்டான துணிய டையிங்ல இருந்து நேரா பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பியிருக்காங்க, கிளையண்ட் வாசல் பக்கமே அது வரல. பிரிண்டிங்காரர் வாட்ஸ்அப்ல ஸ்லிப் போட்டதும் பிரிண்டிங் கணக்குல ஏத்திட்டாங்க. டையிங் கணக்குல இருந்து இறக்குறது டையிங் பில் வந்தப்புறம்தான், பில் வந்தது ஏப்ரல்ல. ஒரே துணி ரெண்டு ஷெட்டுல இருக்குறதா புக்கு சொல்லிச்சு. ரெண்டு பேரும் "ஆமா, எங்ககிட்ட இருக்கு"ன்னு சீல் போட்டும் கொடுத்திருக்காங்க. கன்ஃபர்மேஷன் பேப்பர ஒவ்வொன்னா தனியாப் பார்த்தா இது ஜென்மத்துக்கும் தெரியாது. ஒரு ஜாப் ஒர்க்கரோட கடைசி வார அவுட்வர்டையும் அடுத்த ஜாப் ஒர்க்கரோட இன்வர்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் தெரியும்.

மிச்சம் 1,110. இதுல 1,080 கிலோ ஆவி. ஜனவரியில சாஃப்ட்வேர் மாத்தினாங்க, அதுலருந்து நூறு கிலோ கிரே போச்சு, 94 கிலோ சாயத்துணி வந்துச்சுன்னா அந்த 6 கிலோவ யாரும் இறக்கல, டையிங்காரர்கிட்ட இன்னும் பாக்கி இருக்குன்னே சிஸ்டம் காட்டிட்டிருந்துச்சு. அப்படி முடிஞ்சு திரும்பி வந்தது கிரே எடையில 18,000 கிலோ, அதுல 6 சதம் 1,080. சாக்கடையில கரைஞ்சு போன மெழுகும் பஞ்சும் பேலன்ஸ் ஷீட்டுல துணியா நின்னுட்டிருந்துச்சு, பேங்குக்கு கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்லயும் போய், பேங்க்ல எடுக்கக்கூடிய கடன் அளவான டிராயிங் பவரும் அதுமேல வாங்கியிருக்காங்க. அஞ்சு கோடிக்கு மேல ஒர்க்கிங் கேபிட்டல் லிமிட் இருந்தா, அந்த ஸ்டேட்மெண்ட் புக்கோட ஒத்துப்போகுதான்னு ஆடிட் ரிப்போர்ட்டுக்கான காரோ 2020 உத்தரவுப்படி நாம சொல்லியாகணும். இங்க வேடிக்கை என்னன்னா ஸ்டேட்மெண்ட் புக்கோட அச்சா ஒத்துப்போச்சு, ரெண்டுமே தப்பு. ஜாப் ஒர்க்குக்குன்னு இருக்குற ஐடிசி-04 ரிட்டர்ன்ல லாஸ காட்ட தனி காலமே இருக்கு, அவங்க ரெடி பண்ணி வெச்சிருந்த டிராஃப்ட்ல அந்த காலம் முழுக்க பூஜ்யம். சாயம் போட்டும் எடை குறையலேன்னு சொல்ற ரிட்டர்ன பார்த்தாலே சந்தேகம் வரணும். கடைசி 30 கிலோ எடை மெஷின் வித்தியாசம்னு விட்டுட்டோம்.

லைக்ரா

இது வரைக்கும் எல்லாம் அளவு. எண்ணிட்டு இருக்கும்போது ஒரு ரேக்குல கை வெச்சா துணி இழுக்குது, விட்டா சுருங்குது, லைக்ரா சிங்கிள் ஜெர்சி. 1,500 கிலோ, டேக்ல கிளையண்ட் பேரு, டிசியும் கிளையண்ட் டிசி. எண்ணிக்கையில சேர்த்தாச்சு, புக்குலயும் இருக்கு, ஒத்துப்போகுது. ஆனா முந்தின வாரம்தான் நூல் பர்ச்சேஸ் லெட்ஜர் முழுக்க பார்த்திருந்தோம், அந்த வருஷம் கிளையண்ட் லைக்ரா ஒரு கிலோ கூட வாங்கல.

டையிங்காரர் இன்வர்ட் ரிஜிஸ்டர்ல பார்த்தா பார்ட்டி பேருக்குக் கீழ சின்னதா இன்னொரு எக்ஸ்போர்ட்டர் பேரு எழுதி அடைப்புக்குறி போட்டிருக்கு. கிளையண்ட் மெஷின் சும்மா கிடந்த மாசத்துல இன்னொருத்தருக்கு ஜாப் ஒர்க் தைச்சுக் கொடுத்திருக்கார், அவங்க துணிய வாங்கி தன் டிசி போட்டு டையிங்குக்கு அனுப்பியிருக்கார். ஸ்டோர்ஸ்ல டிசி போட்டதெல்லாம் நம்ம ஸ்டாக்னு ஏறிடுச்சு. அதாவது மூணாவது ஆள்கிட்ட இருக்குற நம்ம சரக்குன்னு நினைச்சது, மூணாவது ஆள்கிட்ட இருக்குற நாலாவது ஆள் சரக்கு. 9,270-ல இருந்து 1,500 போக, சொந்தம் 7,770 கிலோ. 12,480-ன்னு ஆரம்பிச்ச இடம் ஞாபகம் இருக்கட்டும்.

டேக்கு, டிசி, சீல் இதெல்லாம் சரக்கு யார் வழியா வந்துச்சுன்னு சொல்லும், யாரோடதுன்னு சொல்லாது. டையிங்காரருக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்ல, அவருக்கு பில் கட்டுறவர்தான் பார்ட்டி. சொந்தத்த நிரூபிக்கணும்னா ரோல்ல இருந்து லாட் நம்பர், லாட்ல இருந்து நிட்டிங் டிசி, அங்கிருந்து நூல் பர்ச்சேஸ் பில், பணம் கட்டின பேங்க் என்ட்ரி வரைக்கும் போகணும். எல்லா லாட்டுக்கும் வேண்டாம், பெரிய லாட்டுக்கும் கொஞ்சம் வித்தியாசமா தெரியிற லாட்டுக்கும் போனா போதும். என்னைக் கேட்டா மொத்த ஆடிட்லயும் உருப்படியான நேரம் இதுதான், ஆனா இதுக்குத்தான் யாரும் பட்ஜெட்ல மணிக்கணக்கு ஒதுக்குறதில்ல.

மூலையில 640 கிலோ சாயத்துணி தனியா கிடந்துச்சு, மேல ஒரு விரல் கனத்துக்கு தூசி. ஷேட் தப்பிப்போச்சு, பையர் ஒத்துக்கல, நவம்பர்ல இருந்து கிடக்கு. "இதை ஏன் அனுப்பலைங்க"ன்னு கேட்டா மேனேஜர் சிரிச்சுட்டு, "பழைய பில்லு வரட்டுமுங்க, துணி எங்க போகப்போகுது"ன்னார். அவருக்கு அந்த உரிமை உண்டு, காண்ட்ராக்ட் சட்டம் 170-வது பிரிவுப்படி, பொருள் மேல உழைப்பும் திறமையும் போட்டு வேலை செஞ்சவர் அந்த வேலைக்கான கூலி வர்ற வரைக்கும் அந்தப் பொருள தரமாட்டேன்னு வெச்சுக்கலாம். ஆனா வேலை ஒப்பந்தப்படி சரியா செஞ்சிருக்கணும், இங்க ஷேட் தப்புனது யார் தப்புன்னே ரெண்டு பேருக்கும் சண்டை. கிளையண்ட் புக்குல இது கிலோ 420 ரூபா. செகண்ட்ஸ் வியாபாரிய விசாரிச்சா 110-க்கு மேல பேச்சே இல்ல. கிலோவுக்கு 310 வீதம் 1,98,400 ரூபா குறைக்கச் சொன்னோம், பாக்கி பில்லும் லயபிலிட்டில ஏறியிருக்கான்னு பார்த்தோம், ஏறல. லெட்டர்ல நிலைமையப் பத்தி ஒரு வரி கேட்டிருந்தா இது ஆபீஸ்ல உட்கார்ந்தே தெரிஞ்சிருக்கும்.

ஏஜெண்ட்கிட்ட போன ஜட்டி பனியன்

உள்நாட்டு பிராண்டுல கதை நேரெதிர். இருக்க வேண்டிய ஸ்டாக் புக்குல இல்ல. வெளி மாநில ஏஜெண்ட் ஒருத்தருக்கு கன்சைன்மெண்ட்ல சரக்கு போகுது, அவர் தன் பேர்லயே பில் போட்டு கடைகளுக்கு விப்பார், மாசாமாசம் எவ்வளவு வித்ததுன்னு கணக்கு அனுப்பிட்டு கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்த அனுப்புவார், விக்காதது திரும்ப வரும். மார்ச் கடைசியில ஒரு லோடு போயிருக்கு, மொத்தமும் சேல்ஸ்ல ஏறியிருக்கு.

ஓனர்கிட்ட இது சேல்ஸ் இல்லைன்னு சொன்னதும் கோவம் வந்துடுச்சு. "டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டு ஜிஎஸ்டியும் கட்டியாச்சு சார், சேல்ஸ் இல்லைன்னா கவர்ன்மெண்ட் எதுக்கு என்கிட்ட வரி வாங்குச்சு?" கேள்வி நியாயமானதுதான். ஏஜெண்ட் தன் பேர்ல பில் போட்டு விக்கிறவரா இருந்தா, அவருக்கு சரக்கு அனுப்புறதே ஜிஎஸ்டி சட்டம் முதல் அட்டவணைப்படி சப்ளை, பணம் வராட்டியும் வரி உண்டு. அதனால இன்வாய்ஸ் இருக்கும், டேலியில சேல்ஸ்னு உட்கார்ந்திருக்கும். ஆனா வருமானத்துக்கான அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு ஏஎஸ் 9 பார்க்கிறது வேற, கன்சைன்மெண்ட்னா ஏஜெண்ட் அதை வெளியாளுக்கு விக்கிற வரைக்கும் வருமானம் கிடையாது, சரக்கு நம்ம ஸ்டாக்கு. விக்கலைன்னா திரும்பி வருமா, விக்காட்டியும் அவர் பணம் தரணுமா, நடுவுல நாம கூப்பிட்டா திருப்பித் தருவாரா, இந்த மூணுக்கும் பதில் ஒப்பந்தத்துல இருக்கும், இன்வாய்ஸ்ல இருக்காது.

ஏஜெண்ட்டுக்கு இந்தத் தடவ நம்பர் போடாத லெட்டர நாங்களே அனுப்பினோம், மார்ச் 31 ஸ்டாக் சைஸ்வாரியா, கூடவே ஏப்ரல் மாச விற்பனைக் கணக்கும் கேட்டு. பதில் வந்தது, புக்குல விக்கப்பட்டதா இருந்த கடைசி லோடுல பெட்டி கூட உடைக்கல, முந்தின லோடுலயும் பெரிய சைஸெல்லாம் அப்படியே. ஏப்ரல் விற்பனைக் கணக்குல அந்த சைஸ்கள் வரவே இல்ல, அதனால அவர் சொன்னது நம்புற மாதிரி இருந்துச்சு. விக்காத பங்கை சேல்ஸ்ல இருந்து எடுத்து, அடக்க விலையில ஸ்டாக்குக்குக் கொண்டு வந்தோம். லாரி வாடகைய அந்த ஸ்டாக்கோட அடக்கத்துல சேர்த்தோம், ஏஜெண்ட் கமிஷன சேர்க்கல, அது வித்தப்புறம் வர்ற செலவு. கட்டின ஜிஎஸ்டி கட்டினதுதான், அதுல கை வைக்க வேண்டியதில்ல. புக் டர்ன்ஓவரும் ஜிஎஸ்டி டர்ன்ஓவரும் அதனால ஒத்துப்போகாது, வருஷாந்திர ரீகன்சிலியேஷன்ல இந்த வித்தியாசத்த ஒரு வரியா எழுதி வெச்சுக்கோங்கன்னு அக்கவுண்டண்ட்கிட்ட சொல்லிட்டு வந்தோம். ஓனர் இன்னும் முழுசா சமாதானம் ஆகல, அடுத்த வருஷம் ஏஜெண்ட்டோட நேரடி விற்பனை ஒப்பந்தமே போட்டுக்கிறேன்னு சொல்லிட்டிருக்கார், போடட்டும், ஆனா விக்காதத திருப்பி எடுத்துக்கிறேன்னு ஒரு ஷரத்து அதுல இருந்துச்சுன்னா மறுபடி இதே பேச்சுதான்.